பி.காம் முடித்து ஆடிட் டிரெய்னி வேலைக்குப் போகிறவர்களுக்கு: என்ன கேட்பார்கள், எப்படிப் பதில் சொல்வது

கோவையில் நடுத்தர ஆடிட் ஆபீஸ் ஒன்றில் வேலை பார்க்கிறேன். வருடா வருடம் ஜூன், ஜூலையில் கல்லூரியிலிருந்து நேராக வரும் பிள்ளைகளை நேர்காணல் செய்வதும் என் வேலையில் சேர்த்தி. எங்கள் வாடிக்கையாளர்களில் பாதிப் பேர் திருப்பூர் பனியன் கம்பெனிக்காரர்கள், மீதி நூல் மில், பம்ப் கம்பெனி, கடை கண்ணி. அதனால் இங்கே வரும் உதாரணங்களும் அந்தப் பக்கத்தவையே.

சி.ஏ. இன்டர் முடித்து ஆர்ட்டிகிள்ஷிப் சேருவது வேறு. அதற்கு ஐ.சி.ஏ.ஐ.யில் பதிவு உண்டு, புதிய திட்டத்தில் இரண்டு வருடம். நான் சொல்வது பி.காம் மட்டும் முடித்துவிட்டு, மாதச் சம்பளத்துக்கு ஆடிட் டிரெய்னியாகச் சேருகிறவர்களைப் பற்றி. ஆனால் கேட்கும் கேள்விகளில் பெரிய வித்தியாசம் இருக்காது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 'வவுச்சிங் என்றால் என்ன' என்று நாங்கள் கேட்பது விளக்கத்துக்காக இல்லை. விளக்கத்தை எல்லோரும் சொல்லிவிடுகிறார்கள். அதற்கு அடுத்து 'சரி, அப்புறம்?' என்று ஒன்று கேட்போம். அங்கேதான் பத்துப் பேரில் எட்டுப் பேர் நிற்கிறார்கள். ஆகவே ஒவ்வொரு கேள்விக்கும் இரண்டாவது, மூன்றாவது கேள்வி வரை தயாராகுங்கள்.

முதல் படி: உங்கள் புராஜெக்டை நீங்களே ஒருமுறை சந்தேகப்படுங்கள்

'உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்' என்பதற்குப் பிறகு பெரும்பாலும் கடைசி செமஸ்டர் புராஜெக்ட்தான். கல்லூரி வைவாவில் தலைப்பு, நோக்கம், முடிவு என்று கேட்டு விட்டுவிடுவார்கள். இங்கே அப்படி விட மாட்டோம்.

போன வருடம் ஒரு பெண் ஒரு கம்பெனியின் ரேஷியோ அனாலிசிஸ் செய்திருந்தார். கரன்ட் ரேஷியோ 2.4. 'நல்ல நிலை சார், 2:1-க்கு மேலே இருக்கிறது' என்றார். 'அந்த 2.4-க்குள் என்னம்மா இருக்கிறது?' என்று கேட்டேன். பதில் இல்லை. விற்காமல் தேங்கிய சரக்கும், இரண்டு வருடமாக வராத கடனும் நடப்புச் சொத்துக்குள்தான் உட்கார்ந்திருக்கும். அவை ஏற ஏற ரேஷியோவும் ஏறும். கையில் காசு இல்லாத கம்பெனிகூட 2.4 காட்டலாம். இதை மட்டும் சொல்லியிருந்தால் போதும், அந்தப் புராஜெக்டை அவரே செய்தார் என்று நம்பியிருப்போம்.

எனவே போவதற்கு முன் உங்கள் புராஜெக்டில் இருக்கும் மூன்று நான்கு எண்களை எடுத்து, 'இது எப்படித் தவறான எண்ணத்தைத் தரக்கூடும்?' என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள்.

இரண்டாம் படி: ஒரு பில்லைக் கையில் கொடுத்தால் என்ன பார்ப்பீர்கள்?

இது எனக்குப் பிடித்த கேள்வி. வாடிக்கையாளர் பெயரை மறைத்த பழைய கொள்முதல் பில் ஒன்றின் நகலைக் கொடுத்து, 'இதை வவுச் பண்ணுப்பா' என்பேன். எல்லோரும் தேதி, தொகை, கையெழுத்து என்று மூன்றைச் சொல்லி நிறுத்துவார்கள்.

என் கையில் இருக்கும் பில் இப்படி. ஈரோட்டிலிருந்து நூல் வாங்கியது, வரி சேர்க்காமல் 3,00,000 ரூபாய். பில் தேதி ஏப்ரல் 2. மேலே கேட்டில் குத்திய முத்திரை: மார்ச் 29. வரி ஐ.ஜி.எஸ்.டி. என்று போட்டிருக்கிறது. கணக்கில் ஏப்ரலில் ஏற்றியிருக்கிறார்கள்.

இதில் இரண்டு விஷயம் கண்ணில் பட வேண்டும். சின்னது முதலில்: விற்றவர் ஈரோடு, வாங்கியவர் திருப்பூர், சரக்கு இறங்கியதும் திருப்பூர். ஒரே மாநிலத்துக்குள் நடந்த விற்பனைக்கு சி.ஜி.எஸ்.டி.யும் எஸ்.ஜி.எஸ்.டி.யும்தான் வர வேண்டும். ஐ.ஜி.எஸ்.டி. போட்டிருப்பது தவறு, பில்லைத் திருத்தி வாங்கச் சொல்ல வேண்டும்.

பெரியது தேதி. சரக்கு மார்ச் 29-இலேயே குடோனுக்குள் வந்துவிட்டது. மார்ச் 31 அன்று எண்ணும்போது அந்த நூலையும் சேர்த்துத்தான் எண்ணியிருப்பார்கள். அதாவது இறுதிச் சரக்கிருப்பில் 3,00,000 இருக்கிறது, கொள்முதலில் இல்லை. விளைவு, அந்த வருட லாபம் 3,00,000 அதிகமாகத் தெரியும். கொடுக்க வேண்டிய கடனும் அவ்வளவு குறைவாகத் தெரியும். இதற்குத்தான் 'கட்-ஆஃப்' என்று பெயர்.

இதைச் சரியாகச் சொன்ன ஒரு பையனிடம் அடுத்து கேட்டேன்: 'வருடக் கடைசியில் இந்த மாதிரி பில் எத்தனை இருக்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பாய்?' கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, 'கேட் ரிஜிஸ்டரில் மார்ச் கடைசி பத்து என்ட்ரியையும் ஏப்ரல் முதல் பத்து என்ட்ரியையும் எடுத்து, ஒவ்வொன்றுக்கும் பில் எந்த மாதத்தில் ஏறியிருக்கிறது என்று பார்ப்பேன் சார்' என்றான். அங்கேயே அவனை எடுத்துவிட்டோம். கணக்குப் புத்தகத்திலிருந்து பில்லுக்குப் போனால் ஏறாத பில் கண்ணில் படவே படாது. கணக்கில் விட்டுப்போனதைத் தேட, கேட் ரிஜிஸ்டரிலிருந்து கணக்குக்கு வர வேண்டும். திசை முக்கியம் என்பது பாடப் புத்தகத்திலும் இருக்கிறது, ஆனால் யாரும் அடிக்கோடு போடுவதில்லை.

இதே வகையில் வரும் மற்றொரு கேள்வி: ஆபீஸ் செலவில் 46,000 ரூபாய் லேப்டாப் பில் கிடக்கிறது, என்ன செய்வாய்? சொத்தாக எடுத்து, அந்த வருடம் பயன்படுத்திய நாட்களுக்குத் தேய்மானம் போட வேண்டும். பில் யார் பெயரில் இருக்கிறது என்றும் பார்க்க வேண்டும். டைரக்டரின் மகன் பெயரில் பில் இருந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

மூன்றாம் படி: பி.ஆர்.எஸ்.ஸை முழுதாகப் போட்டுப் பாருங்கள்

பிளஸ் டூவில் வங்கிச் சரிகட்டும் பட்டியல் என்று படித்தோமே, அதேதான். எந்த ஆபீஸிலும் இந்தக் கேள்வி வராமல் இருக்காது. ஏனென்றால் டிரெய்னிக்கு முதல் வாரம் கொடுக்கும் வேலையே இதுதான். ஒரு கணக்கை முழுதாகப் பார்ப்போம்.

மார்ச் 31 அன்று கம்பெனியின் வங்கிக் கணக்கு லெட்ஜரில் பற்று இருப்பு 4,12,600. பாங்க் ஸ்டேட்மென்டில் 6,05,350. வித்தியாசத்துக்குக் காரணங்கள் நான்கு. கம்பெனி கொடுத்தும் இன்னும் வங்கிக்கு வராத செக்குகள் 2,84,000. போட்டும் இன்னும் வரவாகாத செக் 1,10,000. வங்கி பிடித்த கட்டணம் 1,250, கணக்கில் ஏறவில்லை. வாடிக்கையாளர் ஒருவர் நேரடியாக அனுப்பிய 20,000, அதுவும் ஏறவில்லை.

லெட்ஜர் இருப்பிலிருந்து தொடங்கினால் 4,12,600-உடன் 2,84,000 கூட்டி, 1,10,000 கழித்து, 1,250 கழித்து, 20,000 கூட்ட 6,05,350 வருகிறது. ஒத்துப்போகிறது. இத்தனை வரை எல்லோரும் போட்டுவிடுவார்கள்.

இனிமேல்தான் நேர்காணல். 'பேலன்ஸ் ஷீட்டில் எந்த எண் வரும்?' பாதிப் பேர் 6,05,350 என்பார்கள், மீதிப் பேர் 4,12,600 என்பார்கள். இரண்டும் இல்லை. கட்டணமும் நேரடி வரவும் மார்ச் 31-க்குள் நடந்துவிட்டவை, கம்பெனிதான் எழுத மறந்திருக்கிறது. அவற்றுக்கு என்ட்ரி போட்டால் 4,12,600-இல் 1,250 கழித்து 20,000 கூட்ட, 4,31,350. அதுதான் வர வேண்டிய எண். செக்குகளுக்கு என்ட்ரி வேண்டாம், அவை காலத்தால் வந்த வித்தியாசம்.

'காலத்தால் வந்ததுதான் என்று உனக்கு எப்படித் தெரியும்?' என்பது அடுத்தது. பதில்: ஏப்ரல், மே, ஜூன் ஸ்டேட்மென்டை வாங்கிப் பார்ப்பேன். பார்த்தால் 2,84,000 என்பது மூன்று செக். 64,000-மும் 70,000-மும் ஏப்ரல் முதல் வாரத்தில் பாஸாகிவிட்டன. 1,50,000 செக் மட்டும் ஜூன் கடைசி வரை வரவே இல்லை. செக்குக்கு மூன்று மாதம்தான் ஆயுள், 2012 ஏப்ரலிலிருந்து அதுதான் விதி. யாராவது 1,50,000 ரூபாய் செக்கை வாங்கி மூன்று மாதம் பையிலேயே வைத்திருப்பார்களா?

பெரும்பாலும் நடந்திருப்பது இதுதான்: கொடுக்க வேண்டிய கடன் குறைவாகத் தெரியட்டும் என்று மார்ச் 31-இல் செக்கை எழுதி, கொடுக்காமல் மேசை டிராயரிலேயே வைத்திருக்கிறார்கள். அப்படியானால் அது கொடுத்த பணமே இல்லை. கடனீந்தோர் கணக்கிலும் வங்கிக் கணக்கிலும் 1,50,000-ஐத் திரும்பச் சேர்க்க வேண்டும். வங்கி இருப்பு 5,81,350 ஆகும். லாபத்தில் மாற்றம் இல்லை, ஆனால் பேலன்ஸ் ஷீட்டின் இரண்டு பக்கமும் மாறிவிட்டது.

போட்ட செக் 1,10,000-க்கும் இதே மாதிரிதான். ஏப்ரல் முதல் ஓரிரு நாட்களில் வரவாகியிருக்க வேண்டும். ரிட்டர்ன் ஆகியிருந்தால் அந்த வாடிக்கையாளர் மறுபடி கடனாளி. ரிட்டர்ன் ஆகி, மறுபடி போட்டு, மறுபடி ரிட்டர்ன் ஆகியிருந்தால் அந்தக் கடனே வாராக்கடனா என்று பார்க்க வேண்டும்.

கடைசிக் கேள்வி ஒன்று உண்டு: 'கம்பெனி கொடுத்த ஸ்டேட்மென்டை நம்பலாமா?' இங்கே சத்யமைச் சொல்லலாம். 2009 ஜனவரி 7 அன்று சத்யம் கம்ப்யூட்டர்ஸ் தலைவர் ராமலிங்க ராஜு எழுதிய கடிதத்தில், கணக்கில் காட்டிய 5,361 கோடி ரூபாய் வங்கி, ரொக்க இருப்பில் 5,040 கோடி இல்லவே இல்லை என்றார். அதனால்தான் வங்கிக்கு நாமே கடிதம் எழுதி, பதிலை நேராக நம் ஆபீஸுக்கே வரவழைக்கிறோம். ஆடிட்டிங் தரநிலை எஸ்.ஏ. 505 சொல்வதும் அதைத்தான். கடிதத்தை அக்கவுன்டன்ட் கையில் கொடுத்து 'பாங்க்கில் சீல் வாங்கி வாங்க அண்ணா' என்று அனுப்பினால், அந்தப் பதிலுக்கு மதிப்பு ஏது?

நான்காம் படி: கண்ணுக்கு எதிரே இல்லாத சரக்கு

சரக்கு இருப்பு பற்றி 'அடக்க விலை அல்லது நிகர விற்பனை மதிப்பு, எது குறைவோ அது' என்பது எல்லோருக்கும் தெரிந்த பதில். இந்தப் பக்கத்து ஆபீஸ்களில் அடுத்த கேள்வி ஜாப் ஒர்க் பற்றித்தான் இருக்கும்.

பனியன் கம்பெனியின் சரக்குப் பட்டியலில் 4,200 கிலோ துணி சாயப்பட்டறையில் இருப்பதாக எழுதியிருக்கிறது. குடோனில் இல்லை. எப்படிச் சரிபார்ப்பாய்?

எதிர்பார்க்கும் பதில் இந்த வரிசையில்: பட்டறைக்கு நாமே கடிதம் எழுதி, மார்ச் 31 அன்று எத்தனை கிலோ அவர்களிடம் இருந்தது என்று கேட்பது. துணி போனபோது எழுதிய டெலிவரி சலானைப் பார்ப்பது. ஏப்ரலில் அந்தத் துணி திரும்பி வந்ததா என்று இன்வார்டு ரிஜிஸ்டரில் பார்ப்பது. திரும்பும்போது எடை கொஞ்சம் குறைந்திருக்கும், சாயமேற்றும்போது இழப்பு உண்டு. எடை ஒரு கிராம்கூடக் குறையாமல் வந்திருந்தால் எனக்குச் சந்தேகம்தான் வரும், சலானை உட்கார்ந்த இடத்திலேயே எழுதினார்களோ என்று.

தொகை பெரிதாக இருந்தாலோ, பட்டறை முதலாளியும் கம்பெனி முதலாளியும் மச்சான் மாப்பிள்ளையாக இருந்தாலோ, கடிதம் போதாது. நேரில் போய்ப் பார்க்க வேண்டும். இதை நீங்களாகச் சொன்னால் எதிரே இருப்பவர் நிமிர்ந்து உட்காருவார். ஜி.எஸ்.டி. தெரிந்தவர் என்றால், அனுப்பிய மூலப்பொருள் ஒரு வருடத்துக்குள் திரும்பாவிட்டால் அனுப்பிய தேதியிலேயே விற்பனை ஆனதாகக் கணக்கு என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம். தெரியாவிட்டால் தொடாதீர்கள்.

ஐந்தாம் படி: எக்செல், டேலி

எக்செல் தெரியுமா என்றால் 'தெரியும் சார்' என்று நிறுத்தாதீர்கள், லேப்டாப்பைத் திருப்பி உங்கள் பக்கம் வைத்துவிடுவோம். வழக்கமாகக் கொடுப்பது கொள்முதல் பதிவேட்டையும், சப்ளையர்கள் ஏற்றிய பில்களைக் காட்டும் ஜி.எஸ்.டி.ஆர்-2பி பட்டியலையும் ஒப்பிடும் வேலை. 2பி-யில் வராத பில்லுக்கு இன்புட் கிரெடிட் எடுக்க முடியாது என்பதால் மாதாமாதம் செய்யும் வேலை இது.

பில் எண்ணை மட்டும் வைத்துத் தேடினால் மாட்டிக்கொள்வீர்கள். 45-ஆம் எண் பில் பத்து சப்ளையரிடம் இருக்கும். இரண்டு ஷீட்டிலும் A-யில் ஜி.எஸ்.டி. எண், B-யில் பில் எண் இருக்கிறது என்றால், D-யில் இரண்டையும் ஒட்டிக்கொள்ளுங்கள்:

```
=TRIM(A2)&"|"&TRIM(B2)
```

2பி ஷீட்டில் E-யில் வரித் தொகை இருந்தால், பதிவேட்டில்:

```
=IFERROR(VLOOKUP(D2,'2B'!D:E,2,FALSE),"இல்லை")
```

'இல்லை' என்று வந்த எல்லாம் உண்மையில் இல்லாதவை என்று நினைக்க வேண்டாம். சப்ளையர் 045 என்று ஏற்றியிருப்பார், நம் ஆள் 45 என்று அடித்திருப்பார். அதையும் சொல்லிவிட்டு, மிச்சத்தைத் தொகையை வைத்துக் கண்ணால் பார்ப்பேன் என்றால் போதும்.

டேலியில் இப்போது எடிட் லாக் பற்றிக் கேட்கிறார்கள். 2023 ஏப்ரல் 1 முதல் கம்பெனிகள் பயன்படுத்தும் கணக்கு மென்பொருளில், எந்த என்ட்ரியை எப்போது மாற்றினார்கள் என்ற தடம் பதிவாக வேண்டும், அதை அணைக்கவும் முடியாதபடி இருக்க வேண்டும். ஆடிட்டர் தன் அறிக்கையில் இதைப் பற்றி எழுத வேண்டும். தனிநபர் கடைக்கும் பார்ட்னர்ஷிப்புக்கும் இந்த விதி இல்லை, கம்பெனிகளுக்கு மட்டும்தான். அந்த வித்தியாசத்தைத்தான் கேட்பார்கள்.

செக்‌ஷன் எண்களை மனப்பாடம் செய்துகொண்டு வருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. 2025 வருமான வரிச் சட்டம் 2026 ஏப்ரல் 1-இல் நடைமுறைக்கு வந்ததால் பழைய எண்கள் மாறிவிட்டன, ஆனால் முந்தைய வருடங்களுக்குப் பழைய சட்டம்தான். டி.டி.எஸ். பற்றிக் கேட்டால் 'எந்த வருடத்துக்கு சார்?' என்று திருப்பிக் கேட்பது தப்பே இல்லை.

ஆறாம் படி: மோசடியும் மனசாட்சியும்

'ஆடிட்டர் காவல் நாய், மோப்ப நாய் அல்ல' என்று 1896-இன் கிங்ஸ்டன் காட்டன் மில் வழக்கை ஒப்பிப்பது வழக்கம். உடனே கேட்போம்: 'அப்போ மோசடியைக் கண்டுபிடிப்பது நம் வேலை இல்லையா?' இல்லை என்று சொன்னால் போச்சு. மோசடியைத் தடுப்பது நிர்வாகத்தின் பொறுப்பு. ஆனால் கணக்கில் பெரிய தவறு இல்லை என்று நியாயமான உறுதி தருவது நம் பொறுப்பு, அந்தத் தவறு மோசடியால் வந்தாலும் சரி, கைத்தவறால் வந்தாலும் சரி. எஸ்.ஏ. 240-இன் சாரம் அது. கம்பெனிச் சட்டத்தில் ஊழியர் அல்லது அதிகாரி செய்த மோசடி ஒரு கோடி ரூபாய் அல்லது அதற்கு மேல் என்று தெரிந்தால் ஆடிட்டர் மத்திய அரசுக்கே தெரிவிக்க வேண்டும்.

அப்புறம் சூழ்நிலைக் கேள்வி. 'கேஷ் எண்ணும்போது 8,000 குறைகிறது. கேஷியர், மத்தியானம் வைத்துவிடுகிறேன், எழுதாதீங்க தம்பி என்கிறார். என்ன செய்வாய்?' கேஷியரோடு சண்டை போடுவேன் என்றும் சொல்ல வேண்டாம், முதலாளியிடம் ஓடுவேன் என்றும் சொல்ல வேண்டாம். எண்ணியதை நோட்டு வாரியாக அப்போதே எழுதி, கேஷியரிடம் கையெழுத்து வாங்கி, நம் சீனியரிடம் சொல்ல வேண்டும். மத்தியானம் பணம் வந்தால் அதையும் தனியாக எழுத வேண்டும், முதலில் எழுதியதை அடிக்கக் கூடாது.

நான் டிரெய்னியாக இருந்த இரண்டாம் மாதம் இதே மாதிரி ஒன்று நடந்தது. ஸ்டாக் எண்ணிவிட்டு, துண்டுத் தாளில் எழுதியதை அழகாகப் படியெடுத்துக் கொடுத்துவிட்டு, துண்டுத் தாளைக் கிழித்துப் போட்டேன். இரண்டு மாதம் கழித்து கம்பெனி 'நாங்கள் சொன்னது 310 மூட்டை, நீங்கள்தான் 301 என்று எழுதிவிட்டீர்கள்' என்றது. எது சரி என்று காட்ட என்னிடம் ஒன்றும் இல்லை. குடோன் ஆளின் கையெழுத்து அந்தக் கிழித்த தாளில்தான் இருந்தது. சீனியர் திட்டவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னைக் கூட்டிக்கொண்டு போய் மறுபடி எண்ணி, நடுவில் உள்ளே வந்ததையும் வெளியே போனதையும் பின்னோக்கிக் கழித்து 301 என்று காட்டினார். செய்த ஆடிட் வேலையை எழுதி வைப்பது பற்றிய எஸ்.ஏ. 230 என்று யாராவது கேட்டால் எனக்கு அந்த ஞாயிற்றுக்கிழமைதான் நினைவுக்கு வரும்.

கடைசியாக அவர்கள் 'ஏதாவது கேட்கணுமா?' என்றால்

கேளுங்கள். வெளியூர் ஆடிட்டுக்குப் போனால் பஸ் காசும் தங்கும் செலவும் யார் தருவார்கள், முதல் ஆறு மாதம் ஆடிட்டா அல்லது வெறும் ஜி.எஸ்.டி. ரிட்டர்ன் போடும் வேலையா, டாக்ஸ் ஆடிட் காலமான ஆகஸ்ட், செப்டம்பரில் எத்தனை மணி வரை இருக்க வேண்டும். இரண்டாவது கேள்விக்குச் சுற்றி வளைத்துப் பதில் வந்தால், வேலை பெரும்பாலும் ரிட்டர்ன் போடுவதுதான். பின்னால் சி.ஏ. படிக்கும் எண்ணம் இருந்தால் அதையும் அங்கேயே சொல்லிவிடுங்கள், பரீட்சை லீவு பற்றிச் சேர்ந்த பிறகு கேட்டால் முகம் சுளிப்பார்கள்.